ஒரு ராத்திரி விளக்கு, பதினாலு ஃபீச்சர், ஒரே ஒரு பலன்: காப்பி எழுதுறதுக்கு முன்னாடி நடந்தது

பின்னணி

ரெண்டு பார்ட்னர்ஸ் சேர்ந்து நடத்துற ஒரு சின்ன கம்பெனி. அவங்க விக்கிறது ஒரே ஒரு ப்ராடக்ட், ஆள் நடமாட்டம் தெரிஞ்சா தானா எரியுற சின்ன விளக்கு. உள்ளங்கை நீளம் இருக்கும், பின்னாடி காந்தம், சார்ஜ் பண்ணிக்கலாம், இருட்டுல மட்டும்தான் எரியும், ஆள் போனதும் கொஞ்ச நேரத்துல அணைஞ்சிடும். வெப்சைட்ல இருக்குற ப்ராடக்ட் பக்கத்துக்குப் புதுசா காப்பி, அதாவது விக்கிறதுக்கான வாசகம், எழுதணும்னு என்னைக் கூப்பிட்டாங்க. முதல் மீட்டிங்லயே ஒரு ஷீட் குடுத்தாங்க, அதுல பதினாலு ஃபீச்சர். பழைய பக்கத்துலயும் அதே பதினாலும் அதே வரிசையில வரிசையா இருந்துச்சு, மேல ஹெட்லைன்ல "ஸ்மார்ட், சிக்கனமான, எங்கேயும் ஒட்டக்கூடிய சென்சார் விளக்கு"ன்னு.

ஆளுங்க பக்கத்துக்கு வர்றாங்க, கீழ வரைக்கும் படிக்கிறாங்க, ஆனா வாங்காம போயிடுறாங்க, இதுதான் அவங்க சொன்ன பிரச்சனை. எழுத்து சரியில்ல, கொஞ்சம் பஞ்ச்சா எழுதிக் குடுங்கன்னு கேட்டாங்க. எனக்கு அந்த ஹெட்லைனைப் பாத்ததும் பிரச்சனை எழுத்துல இல்லன்னு தோணுச்சு. ஸ்மார்ட், சிக்கனம், எங்கேயும் ஒட்டலாம், இந்த மூணும் மூணு வேற வேற ஆளுக்கு சொல்ற மூணு வேற வேற விஷயம். எதை சொல்லணும்னு முடிவு பண்ணாதப்போதான் எல்லாத்தையும் சொல்ல வேண்டி வருது. அதனால எழுதுறதுக்கு முன்னாடி மூணு வாரம் வேணும், அதுல ஒரு வரி கூட எழுத மாட்டேன்னு சொன்னேன். ஒரு பார்ட்னர் உடனே ஒத்துக்கிட்டாரு. இன்னொருத்தர், அவர்தான் பேட்டரி பக்கம் முழுக்க டிசைன் பண்ணவர், "பலன் என்னன்னு எங்களுக்குத் தெரியுமே சார், ஒரு தடவை சார்ஜ் போட்டா ரொம்ப நாள் வரும், அதுக்குத்தான் நாங்க இவ்ளோ கஷ்டப்பட்டோம்"னாரு.

அவர் சொன்னதைத் தப்புன்னு நான் எடுத்துக்கல. ப்ராடக்ட் செஞ்சவங்களுக்கு எது கஷ்டமா இருந்துச்சோ அதுதான் பெருசாத் தெரியும், அது இயல்பு. ஆனா வாங்குறவருக்கு அந்தக் கஷ்டம் தெரியாது, அவருக்கு வேற ஒரு கஷ்டம் இருக்கு, அது என்னன்னு கண்டுபிடிக்கிறதுதான் அந்த மூணு வார வேலை.

முதல்ல ரிவ்யூவை எண்ணினோம், தப்பான பதில் வந்துச்சு

கையில இருந்தது 214 ரிவ்யூ, கஸ்டமர் கேர்ல வந்த மெசேஜ், அப்புறம் திருப்பி அனுப்பினவங்க எழுதுன காரணம். முதல்ல ரிவ்யூவை எடுத்துக்கிட்டேன். ஒவ்வொண்ணையும் படிச்சு, அதுல ஆளு எதைப் பாராட்டுறாருன்னு ஒரு வார்த்தையில பக்கத்துல குறிச்சேன். ரெண்டு நாள் வேலை. கடைசியில கூட்டிப் பாத்தா 91 ரிவ்யூல "மாட்டுறது ஈஸி", "ஆணி அடிக்க வேண்டாம்", "அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சுது" மாதிரி வந்திருந்துச்சு. அதுக்கு அடுத்ததா வெளிச்சம், அப்புறம் பேட்டரி. ராத்திரி யாரையும் எழுப்பாம எழுந்து போறதைப் பத்தி மொத்தமே 23 தான்.

இதைப் பாத்துட்டு நான் கிட்டத்தட்ட முடிவே பண்ணிட்டேன், "வயரிங் இல்லாம மாட்டலாம்"ங்கிறதுதான் முக்கிய பலன்னு. பார்ட்னர்ஸ்கிட்ட மெயில்ல சொல்லியும் விட்டேன். மறுநாள் அதே ஷீட்டை திரும்பப் பாக்கும்போதுதான் ரிவ்யூ எழுதுன தேதி கண்ணுல பட்டுச்சு. பெரும்பாலான ரிவ்யூ டெலிவரி ஆன ரெண்டு மூணு நாள்ல எழுதுனது, ஏன்னா அப்போதான் ரிவ்யூ எழுதச் சொல்லி கம்பெனியோட மெயில் போகுது. ரெண்டாவது நாள்ல அந்த ஆளுக்கு இந்த விளக்கோட என்ன அனுபவம் இருக்கும்? பெட்டியைப் பிரிச்சாரு, ஒட்டுனாரு, ஒரு தடவை முன்னாடி நடந்து பாத்தாரு, எரிஞ்சுது. அவ்ளோதான். அதனால அவர் எழுத முடிஞ்சதே மாட்டுன கதையை மட்டும்தான்.

அப்புறம் ஷீட்டை ரெண்டாப் பிரிச்சேன். டெலிவரி ஆகி 30 நாளுக்கு அப்புறம் எழுதுனது மட்டும் தனியா எடுத்தா 38 தான் இருந்துச்சு. அந்த 38ல மாட்டுறதைப் பத்தி எழுதுனவங்க 4 பேர். ராத்திரி எழுந்து போறது, பக்கத்துல தூங்குறவங்க, குழந்தை, இதைப் பத்தி எழுதுனவங்க 17 பேர். மொத்தம் இருந்த 23ல 17 இங்கதான் இருக்கு. எந்த ப்ராடக்டா இருந்தாலும் வாங்குன கொஞ்ச நாள்ல வர்ற பாராட்டு வாங்குற அனுபவத்தைப் பத்தினது, நாள் கழிச்சு வர்ற பாராட்டுதான் பலனைப் பத்தினது. இது ரெண்டையும் ஒண்ணாப் போட்டு எண்ணுனா எண்ணிக்கையில எப்பவும் முதல் வகைதான் ஜெயிக்கும்.

பார்ட்னர்ஸுக்கு முந்தின நாள் மெயிலை வாபஸ் வாங்கி இன்னொரு மெயில் போட்டேன்.

வாங்குனவங்ககிட்ட பேசுனது

17 பேர் எழுதுனது ஒரு துப்பு மாதிரிதான், அது போதாது. ரிவ்யூல ஆளுங்க சுருக்கமா எழுதுவாங்க, காரணம் வெளிய வராது. அதனால போன்ல பேசணும்னு முடிவு பண்ணோம். கடந்த மூணு மாசத்துக்குள்ள வாங்குனவங்க, ஏன்னா அதுக்கு மேல போனா ஞாபகம் இருக்காது. பதினோரு பேர் ஒத்துக்கிட்டாங்க, ஒவ்வொருத்தர்கிட்டயும் அரை மணி நேரம் பேசினேன்.

இதுல ஒரு விஷயத்துல நான் பிடிவாதமா இருந்தேன். "இந்த விளக்குல உங்களுக்கு என்ன பிடிக்கும்"னு கேக்கவே கூடாது. அப்படிக் கேட்டா ஆளுங்க நம்மளைத் திருப்திப்படுத்துற பதிலைத் தேடி ஃபீச்சர் லிஸ்ட்ல இருந்து ஒண்ணை எடுத்து சொல்லுவாங்க. கேட்டது வாங்குன நாளைப் பத்தி. ஆர்டர் போட்டப்போ எங்க உக்காந்திருந்தீங்க, பக்கத்துல யார் இருந்தாங்க, அதுக்கு முந்தின ராத்திரி என்ன நடந்துச்சு, அதுவரைக்கும் எப்படி சமாளிச்சீங்க, வேற என்னென்ன பாத்துட்டு வேண்டாம்னு விட்டீங்க, ஆர்டர் போடுறதுக்கு முன்னாடி என்ன தயக்கம் இருந்துச்சு. இந்தக் கேள்விங்களோட பலம் என்னன்னா இதுக்கெல்லாம் கருத்து சொல்ல முடியாது, நடந்ததைத்தான் சொல்ல முடியும்.

ஒரு அம்மா சொன்னது இன்னும் ஞாபகம் இருக்கு. கைக்குழந்தை, ராத்திரி ரெண்டு தடவை எழுந்துக்கும். குழந்தை எழுந்துக்கிறது கூட பிரச்சனை இல்லையாம், தூங்க வெச்சுடலாம், ஆனா தண்ணி குடிக்கவோ பாத்ரூம் போகவோ இவங்க எழுந்து லைட் போட்டா அதுலயே குழந்தை முழிச்சுக்கும், அப்புறம் ஒரு மணி நேரம் போச்சு. அதனால லைட்டே போடாம சுவரைத் தடவிக்கிட்டே போவாங்களாம். கட்டில் காலுல ஒரு தடவை கால் விரலை நல்லா இடிச்சுக்கிட்டு கத்தக் கூட முடியாம உக்காந்தாங்களாம், மறுநாள் காலைலயே ஆர்டர்.

இன்னொருத்தர் ஷிஃப்ட் வேலை, விடியக் காத்தால நாலு மணிக்குக் கிளம்பணும். மனைவி தூங்குறாங்க. போன் டார்ச்சை வாயில கடிச்சுக்கிட்டு சட்டையைத் தேடுவேன்னாரு. ஏன் போன் டார்ச் போதாதுன்னு கேட்டேன், "ரெண்டு கையும் வேணும், அப்புறம் அது எங்க திரும்புதுன்னு நம்ம கையில இல்ல, அவ மூஞ்சில அடிச்சிடும்"னாரு. இந்த மாதிரி கதை பதினோரு பேர்ல ஏழு பேர்கிட்ட வந்துச்சு. ஆள் வேற, வீடு வேற, ஆனா நடுவுல இருக்கிறது ஒண்ணுதான், பக்கத்துல யாரோ தூங்குறாங்க, லைட் போட மனசு வரல.

மூணு பேர் வயசான அப்பா அம்மாவுக்காக வாங்கியிருந்தாங்க. நான் அவங்களை முதல்ல வேற ஒரு பிரிவுல, "கீழ விழாம இருக்க"ன்னு போட்டு வெச்சிருந்தேன். ஆனா அதுல ஒருத்தர்கிட்ட, "அப்பா ரூம்ல ஸ்விட்ச் எங்க இருக்கு"ன்னு சாதாரணமா கேட்டேன். கட்டில் பக்கத்துலயே இருக்குன்னாரு. அப்புறம் ஏன் இருட்டுல நடக்குறாருன்னு கேட்டதுக்கு, "அம்மாவுக்குத் தூக்கம் வர்றதே கஷ்டம், லைட் போட்டா எழுந்துடுவாங்கன்னு அவர் போடவே மாட்டாரு, எவ்ளோ சொல்லியும் கேக்கல"ன்னாரு. இன்னொரு வீட்டுலயும் கிட்டத்தட்ட இதே பதில்.

இந்த இடத்துலதான் எனக்கு கேஸ் பிடிபட்டுச்சு. ரெண்டு தனித்தனி பலன்னு நான் நினைச்சது உண்மையில ஒண்ணுக்கு மேல ஒண்ணு உக்காந்திருக்கு. இருட்டுல நடக்குறதுக்குக் காரணம் வெளிச்சம் இல்லாதது இல்ல, எல்லா வீட்டுலயும் லைட் இருக்கு, ஸ்விட்ச் இருக்கு. இன்னொருத்தர் தூக்கத்தைக் கெடுக்க விருப்பமில்லாததுதான் காரணம். ஆக ஒன்பது பேர் ஒரே காரணத்துக்காக வாங்கியிருக்காங்க. மிச்ச ரெண்டு பேர்ல ஒருத்தர் அம்மா தனியா இருக்காங்கன்னு வாங்குனாரு, இன்னொருத்தர் அலமாரிக்குள்ள வெக்க வாங்குனாரு.

நாலுல ஒண்ணைத் தேர்ந்தெடுத்தது

மேஜையில நாலு பலன் இருந்துச்சு. பேட்டரி நாள்படுறது, வயரிங் இல்லாம மாட்டுறது, வயசானவங்க விழாம இருக்குறது, யாரையும் எழுப்பாம ராத்திரி எழுந்து போய்ட்டு வர்றது. பார்ட்னர்ஸோட உக்காந்து ஒவ்வொண்ணாப் பேசினோம்.

பேட்டரியைப் பத்தி பதினோரு பேர்ல ஒருத்தர் கூட வாங்குன காரணமா சொல்லல, ஆனா நாலு பேர் தயக்கமா சொன்னாங்க, "அடிக்கடி சார்ஜ் போடணுமோன்னு யோசிச்சேன்"னு. வயரிங் இல்லாததும் அதே மாதிரிதான், "சுவரை ஓட்டை போடணும்னா வாங்கியிருக்க மாட்டேன்". இது ரெண்டுமே தடையை எடுத்துப் போடுற விஷயம், வாங்கணும்ங்கிற ஆசையை உண்டு பண்ற விஷயம் இல்ல. ஆணி அடிக்க வேண்டாம்ங்கிறதுக்காக யாரும் ஒரு விளக்கு வாங்குறதில்ல, விளக்கு வேணும்னு முடிவு பண்ணவருக்குத்தான் அது உதவும். ரெண்டுக்கும் பக்கத்துல இடம் உண்டு, ஆனா ஹெட்லைன்ல இல்ல. இதை ஒத்துக்க பேட்டரி பார்ட்னருக்குக் கொஞ்சம் நேரம் ஆச்சு. ரெண்டு பேரோட ரெக்கார்டிங்கை அவங்க அனுமதியோட போட்டுக் காட்டினேன், அதைக் கேட்டதுக்கு அப்புறம் அவர் எதுவும் சொல்லல.

விழாம இருக்குறதுதான் உண்மையில பெரிய சண்டை. அதுல உணர்ச்சி அதிகம், விக்கும்னு ரெண்டு பார்ட்னருக்குமே நம்பிக்கை. நான் எதிர்த்தேன், காரணம் சென்சார் வேலை செய்ற விதம். இதுல இருக்குறது பிஐஆர் சென்சார். உடம்புல இருந்து வர்ற வெப்பக் கதிர் ஒரு பகுதியில இருந்து இன்னொரு பகுதிக்கு நகர்றதைத்தான் அது கண்டுபிடிக்கும். அதனால முன்னாடி குறுக்கே நடந்தா சட்டுன்னு பிடிக்கும், நேரா சென்சாரை நோக்கி நடந்து வந்தா லேட்டா பிடிக்கும். ரொம்ப மெதுவா நகர்றவங்களையும் சில நேரம் தவற விடும், வயசானவங்க மெதுவாத்தான் நடப்பாங்க. பேட்டரி தீர்ந்து போச்சுன்னா எரியவே எரியாது. எப்பவாவது ஒரு தடவை எரியாம போகலாம்ங்கிற ஒரு பொருளை வெச்சு, விழவே மாட்டாங்கன்னு நம்ப வெக்கிற வாக்கியத்தை எழுத முடியாது. அந்த ஒரு தடவை ஒருத்தர் விழுந்தா அது நம்ம வாக்கியத்தை நம்பி விழுந்தது. அந்தப் பேச்சோட அது நின்னுடுச்சு, பக்கத்துல எங்கயும் விழுறதைப் பத்தி ஒரு வார்த்தை வேண்டாம்னு எழுத்துலயே முடிவு பண்ணோம்.

நாலாவதுக்கு ஒரு சோதனை பாக்கி இருந்துச்சு. ஒரு பலன் ஆளுக்கு வேணும்ங்கிறது மட்டும் போதாது, இப்போ அவர் அதுக்குப் பயன்படுத்துற மாற்று வழிங்க அந்த இடத்துல தோத்துப் போகணும். தனித்துவமான விற்பனை வாக்குன்னு ஒரு கருத்தை விளம்பர உலகத்துக்குக் கொண்டு வந்த அமெரிக்கர் ரோசர் ரீவ்ஸ் வெச்ச நிபந்தனையும் இதுதான், போட்டியாளர் தராத அல்லது தர முடியாத ஒண்ணா அது இருக்கணும். நான் போட்டியாளர்னு இங்க மத்த சென்சார் விளக்கை மட்டும் எடுத்துக்கல, ஆளுங்க பேசும்போது சொன்ன மாற்று எல்லாத்தையும் எடுத்துக்கிட்டேன். ரூம் லைட் எல்லாரையும் எழுப்பும். போன் டார்ச்சுக்கு ஒரு கை போயிடும், கூசும். ராத்திரி முழுக்க எரியுற பிளக் விளக்கு சிலருக்குத் தூங்கவே விடாது, அதோட பிளக் இருக்குற இடத்துலதான் வெக்க முடியும். இருட்டுல தடவிக்கிட்டுப் போனா கால் விரல் போகும். எல்லாமே இந்த ஒரு இடத்துல தோக்குது.

பலனை ஒரே வாக்கியமா எழுதி சுவர்ல ஒட்டினோம்: "பக்கத்துல தூங்குறவங்களை எழுப்பாம ராத்திரி எழுந்து போய்ட்டு வரலாம்." என்னோட முதல் வரைவுல இதுக்கு அப்புறம் "அதோட சார்ஜும் ரொம்ப நாள் வரும்"னு ஒரு வால் இருந்துச்சு. அந்த "அதோட" வந்தாலே இன்னும் முடிவு பண்ணலன்னு அர்த்தம், அதனால வெட்டினேன்.

ப்ராடக்ட் அதை நிஜமாவே செய்யுதா

இந்தக் கட்டத்துல நேரா எழுத உக்காந்திருந்தா பெரிய தப்பு ஆகியிருக்கும். வாக்கியம் சரி, ஆனா விளக்கு அந்த வாக்கியத்துக்கு ஏத்த மாதிரி நடந்துக்குதா? நான் ஒண்ணு, பார்ட்னர்ஸ் ஆளுக்கு ஒண்ணு எடுத்துட்டுப் போய் ஒரு வாரம் பெட்ரூம்ல வெச்சுப் பாத்தோம்.

முதல் ராத்திரியே மூணு பேருக்கும் ஒரே அனுபவம். பெட்டியில இருந்து எடுத்தவுடனே விளக்கு அதிகபட்ச வெளிச்சத்துல இருக்கு. ரூம் லைட்டுக்கும் அதுக்கும் பெரிய வித்தியாசம் இல்ல, என் பக்கத்துல தூங்குனவங்க எழுந்துக்கிட்டாங்க. மூணு அளவு வெளிச்சம் இருக்கு, குறைஞ்ச அளவு தரை மட்டும் தெரியுற மாதிரி சரியா இருக்கு, ஆனா அதுக்கு பட்டனை ரெண்டு தடவை அமுக்கணும், இதை மேனுவல்ல ஏழாவது பத்தியில எழுதியிருக்காங்க.

ரெண்டாவது பிரச்சனை, கட்டிலுக்கு எதிர்ல இடுப்பு உயரத்துல ஒட்டியிருந்தேன், தூக்கத்துல புரண்டு படுத்தாலே எரியுது. புரண்டு படுக்குறதும் வெப்பம் நகர்றதுதானே, சென்சாருக்கு அது தெரியாது. அப்போதான் ரிட்டர்ன் ஷீட்டைத் திரும்ப எடுத்தேன். அதுல "காரணமே இல்லாம தானா எரியுது, பழுது"ன்னு எழுதித் திருப்பி அனுப்புனவங்கதான் அதிகம். கம்பெனி அதையெல்லாம் சென்சார் கோளாறுன்னு பதிவு பண்ணி வெச்சிருந்துச்சு. பழுதே இல்ல. கட்டிலைப் பாத்து ஒட்டியிருக்காங்க. கட்டில் சட்டத்துக்குக் கீழ, முழங்காலுக்குக் கீழ உயரத்துல, நடக்குற வழிக்குக் குறுக்கா பாக்குற மாதிரி வெச்சதும் புரண்டு படுத்தா எரியல, கால் தரையில பட்டு ரெண்டு அடி வெக்கிறதுக்குள்ள எரிஞ்சுது.

மூணாவது, ரெண்டு நிறம் விக்கிறாங்க, மஞ்சள் வெளிச்சம், வெள்ளை வெளிச்சம். வெள்ளை எல்.இ.டி.ல நீல ஒளி அதிகம், ராத்திரியில நீல ஒளி மெலடோனின் சுரக்குறதைக் குறைக்கும், முழிப்பு தட்டுறதுக்கு அது தோதா இருக்கும். நம்ம வாக்கியத்துக்கு வெள்ளை எதிரி. ஆனா கோடௌன்ல வெள்ளைதான் நிறைய ஸ்டாக் இருந்துச்சு.

அன்னிக்கு எடுத்த முடிவு மூணு. அடுத்த பேட்ச்ல இருந்து விளக்கு குறைஞ்ச வெளிச்சத்துலதான் ஆன் ஆகணும். இருக்குற ஸ்டாக்குக்கு பெட்டியைத் திறந்தவுடனே முதல்ல கைக்கு வர்ற மாதிரி ஒரு சின்ன அட்டை, அதுல ரெண்டே விஷயம், பட்டனை ரெண்டு தடவை அமுக்குங்க, கட்டிலுக்குக் கீழ ஒட்டுங்க, கூடவே ஒரு படம். வெள்ளை விளக்கை இந்தப் பக்கத்துல இருந்து எடுத்துட்டு, அலமாரி, படிக்கட்டு, ஸ்டோர் ரூமுக்குன்னு தனியா ஒரு பக்கத்துக்கு மாத்துறது. மூணாவதுக்கு ரெண்டு நாள் பேச்சு நடந்துச்சு, ஸ்டாக் பணம் அவங்களோடது, அதனால நான் அழுத்தல. அவங்களே முடிவு பண்ணாங்க, ஆனா தனிப் பக்கத்தைப் பிறகு பண்ணிக்கலாம்னு தள்ளி வெச்சாங்க.

எழுதுனது

இவ்ளோக்கு அப்புறம் எழுதுறது ஒன்றரை நாள் வேலைதான். ஹெட்லைன்: "நீங்க எழுந்துக்கலாம். அவங்க தூங்கட்டும்." கீழ ஒரே ஒரு வரி, கால் தரையில பட்டதும் தரை மட்டும் தெரியுற அளவுக்கு மெல்லிசா எரியும், நீங்க திரும்ப வந்து படுத்ததும் தானா அணைஞ்சிடும். படம் விளக்கோட க்ளோசப் இல்ல, இருட்டு ரூம், கட்டில்ல ஒருத்தர் தூங்குறாரு, தரையில மட்டும் வெளிச்சம்.

பதினாலு ஃபீச்சரும் என்ன ஆச்சுன்னா, ஒவ்வொண்ணுகிட்டயும் "நீ இந்த வாக்கியம் உண்மையாக உதவுறியா"ன்னு கேட்டேன். அஞ்சு தேறுச்சு. குறைஞ்ச வெளிச்சம், மஞ்சள் நிறம், தானா அணையுறது, இருட்டுல மட்டும் எரியுறது, காந்தம். காந்தத்தை "எங்கேயும் ஒட்டலாம்"னு எழுதல, "கட்டில் சட்டத்துக்குக் கீழ ஒட்டலாம், வெளிச்சம் யார் மூஞ்சிலயும் படாது, மரக் கட்டில்னா கூட வர்ற ஸ்டிக்கர் தகட்டை ஒட்டிக்கோங்க"ன்னு எழுதினேன். அதே காந்தம்தான், ஆனா இப்போ அதுக்கு ஒரு வேலை இருக்கு. பேட்டரி, வயரிங் ரெண்டும் வாங்குற பட்டனுக்குப் பக்கத்துல போச்சு, தயக்கம் வர்ற இடம் அதுதான்ங்கிறதால. மிச்சமெல்லாம் கீழ ஒரு அட்டவணையில.

அப்புறம் என்ன ஆச்சு

பழைய பக்கத்தையும் புதுசையும் ஒரே நேரத்துல மூணு வாரம் ஓட்டினோம், வர்றவங்க பாதிப் பாதியா ரெண்டுக்கும் போனாங்க. ரெண்டு பக்கத்துக்கும் சுமார் 2,400 பேர் வந்தாங்க. பழசுல 43 ஆர்டர், புதுசுல 66. தற்செயலா இவ்ளோ வித்தியாசம் வர்றதுக்கு வாய்ப்பு கம்மி, ஆனா இல்லவே இல்லன்னு சொல்ற அளவுக்கு எண்ணிக்கை பெருசு இல்ல. அதனால இவ்ளோ சதவீதம் கூடுச்சுன்னு எங்கயும் சொல்லிக்க வேண்டாம், புதுசு பழசை விட நல்லா இருக்குன்னு மட்டும் எடுத்துக்கலாம்னு பார்ட்னர்ஸ்கிட்ட சொன்னேன்.

எதிர்பாக்காத ஒரு விஷயமும் நடந்துச்சு. மூணு விளக்கு சேந்த பேக்கோட விற்பனை புதுப் பக்கத்துல பாதியாக் குறைஞ்சிடுச்சு. யோசிச்சா காரணம் தெளிவு, அலமாரிக்கும் படிக்கட்டுக்கும் வாங்குறவங்கதான் மூணா வாங்குவாங்க, பெட்ரூமுக்கு ஒண்ணு போதும். அதனால ஆர்டர் கூடுன அளவுக்கு வருமானம் கூடல. அலமாரி ஆளுங்களை நாம தெரிஞ்சேதான் விட்டோம், ஆனா அவங்களுக்கான தனிப் பக்கம் தயாராகுறதுக்கு முன்னாடியே விட்டுட்டோம். அந்தப் பக்கம் ரெண்டு மாசம் கழிச்சு வந்துச்சு, வெள்ளை விளக்கு ஸ்டாக் அதுலதான் நகர ஆரம்பிச்சுது.

"தானா எரியுது"ன்னு வர்ற ரிட்டர்ன், அட்டை போட்ட பெட்டிங்கள்ல நல்லாவே குறைஞ்சுது. கஸ்டமர் கேர் பாக்குறவங்கதான் இதை முதல்ல கவனிச்சு சொன்னாங்க. எனக்கு ஆர்டர் எண்ணிக்கையை விட இது பெரிய நிம்மதி, ஏன்னா பக்கம் என்ன சொல்லுதோ அதை விளக்கு ராத்திரி செய்யுதுன்னு இதுலதான் தெரிஞ்சுது.

மாத்தி செஞ்சிருக்க வேண்டியது

ஹெட்லைனையும் படத்தையும் ஒண்ணா மாத்துனது தப்பு. 66க்கு எது காரணம்னு இப்போ பிரிச்சு சொல்ல முடியல, இருட்டு ரூம் படம் மட்டுமே பாதி வேலையைச் செஞ்சிருக்கலாம். பழைய படத்தோட புது ஹெட்லைன்னு மூணாவதா ஒரு பக்கம் வெச்சிருக்கணும், ஆனா வர்ற ஆளுங்க எண்ணிக்கைக்கு மூணாப் பிரிச்சா ரொம்ப நாள் ஓட்ட வேண்டியிருக்கும், அதுக்குப் பொறுமை எங்க யாருக்கும் இல்ல.

பதினோரு பேரும் வாங்கி வெச்சுக்கிட்டவங்க. திருப்பி அனுப்புனவங்க ஒருத்தர்கிட்ட கூட நான் பேசல, காரணம் கேட்டா கோபப்படுவாங்கன்னு ஒரு தயக்கம். அவங்கள்ல ரெண்டு பேர்கிட்ட பேசியிருந்தா புரண்டு படுத்தா எரியுற விஷயம் முதல் வாரத்துலயே தெரிஞ்சிருக்கும், நாங்க தூங்காம கண்டுபிடிச்சிருக்க வேண்டியதில்ல. இப்போ நான் எடுக்குற வேலையில முதல் ரெண்டு போன் கால் ரிட்டர்ன் லிஸ்ட்ல இருந்துதான்.

ரிவ்யூ கேட்டு அனுப்புற மெயிலையும் கம்பெனி மாத்திடுச்சு. ரெண்டாவது நாள் போறது நின்னு, இப்போ முப்பத்தஞ்சாவது நாள் போகுது. வர்ற ரிவ்யூ எண்ணிக்கை குறைஞ்சிருக்கு, ஆனா அதுல மாட்டுன கதை இல்ல, ராத்திரி கதை இருக்கு.